பத்து வினாடியும் பாதி நனைந்த வில்லையும்

நான் போடும் எஸ்பிரெஸ்ஸோ காபியில் முதல் மடக்கு சுள்ளென்று புளிக்கும். விழுங்கி முடித்த பிறகு நாக்கின் ஓரங்களில் துவர்ப்பு ஏறி வாய் வறண்டுபோகும். ஒரே கோப்பையில் இரண்டும். புளித்தால் போதிய அளவு சாறு இறங்கவில்லை, கசந்து துவர்த்தால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். புளிப்புக்கு அரைவை நைசாக வேண்டும், கசப்புக்குக் கொரகொரப்பாக வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் கிரைண்டரை எந்தப் பக்கம் திருப்புவது? இந்தக் கேள்வி நான்கைந்து மாதம் என்னை விடவில்லை.

கணக்கில் ஒரு குறையும் இல்லை. 18 கிராம் தூள், 36 கிராம் எஸ்பிரெஸ்ஸோ, 28 வினாடி, 9 பார் அழுத்தம், 93 டிகிரி. கொட்டை கொஞ்சம் இளம் வறுவல், வறுத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தால் கரைசலின் அடர்த்தி 9.4 சதவீதம். அதை 36ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் தூளில் கரைந்து வந்த பங்கு, அதாவது எக்ஸ்ட்ராக்‌ஷன் 18.8 சதவீதம். மோசமான எண் அல்ல. ஆனால் அது சராசரி. தூளின் ஒரு பகுதியில் 24 சதவீதமும் இன்னொரு பகுதியில் 14 சதவீதமும் கரைந்து வந்திருந்தாலும் கருவி ஏறக்குறைய இதே எண்ணைத்தான் காட்டும். நாக்கு அப்படிச் சராசரி போடாது. 14இன் புளிப்பையும் 24இன் துவர்ப்பையும் தனித்தனியாகவே எடுத்துச் சொல்லிவிடும்.

அரைவையை இன்னும் நைசாக்கிப் பார்த்தேன். புளிப்பு குறையும் என்று நினைத்தால் கூடியது. முதலில் நம்ப முடியவில்லை. மூன்று தடவை திரும்பப் போட்டேன். 2020இல் வெளியான ஓர் ஆய்விலும் இதே நடத்தையைப் பார்த்ததாகப் பிறகு படித்தேன். ஓர் எல்லைக்கு மேல் நைசாக அரைத்தால் தண்ணீர் தூள் முழுவதிலும் ஊடுருவுவதில்லை. சில இடங்கள் அடைத்துக்கொள்ள, மற்ற இடங்கள் வழியாக மட்டும் ஓடுகிறது, அதனால் மொத்தமாகக் கரைந்து வருவது குறைகிறது. தூள் பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான, அடி திறந்த போர்ட்டாஃபில்டரின் கீழே கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எனக்கும் அது தெரிந்தது. இடது ஓரத்தில் ஏழாவது வினாடியில் சொட்டு வரும். வலது பக்கம் பன்னிரண்டாவது வினாடி வரை காய்ந்தே கிடக்கும். அது நனைவதற்குள் இடது பக்கம் வெளிறி மஞ்சளாகிவிடும்.

பிரீ-இன்ஃப்யூஷன் கொடு, அதாவது முழு அழுத்தம் ஏறும் முன் தூளை மெல்ல நனையவிடு, சரியாகிவிடும் என்றார்கள். என் மெஷினில் போர்ட்டாஃபில்டரை மாட்டும் தலைப்பகுதியான குரூப்பின் மேல் தண்ணீரைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வால்வும், பக்கத்திலேயே அழுத்தமானியும் உண்டு. வால்வை மிகவும் ஒடுக்கி, மெல்லிய ஓட்டத்தில் பத்து வினாடி நனையவிட்டு, பிறகு முழுவதும் திறந்தேன். பத்து வினாடி என்பதுதான் எல்லோர் வாயிலும் இருந்த எண். கோப்பை முன்பைவிட மோசமாகிவிட்டது.

உடைத்துப் பார்த்தது

பல வருடமாக பாரிஸ்டாக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். வயதில் மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். எண்களை அடுக்கியபோது அவர் அதிகம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"பத்து வினாடி விட்டேங்கிற. அந்தப் பத்து வினாடில தண்ணி எவ்வளவு உள்ளே போச்சு?"

தெரியாது என்றேன்.

"பத்தாவது வினாடில நிறுத்திட்டு வில்லையை வெளிய எடுத்து உடைச்சுப் பாரு தம்பி. அப்புறமா பேசுவோம்."

வில்லை என்று அவர் சொன்னது பாஸ்கெட்டில் டேம்பரால் அழுத்திய தூளை. அன்று சாயங்காலமே செய்தேன். வழக்கம்போல் தூளைப் பரப்பி, அழுத்தி, போர்ட்டாஃபில்டரை மாட்டி, வால்வை ஒடுக்கிய நிலையிலேயே பம்பைப் போட்டேன். பத்தாவது வினாடியில் நிறுத்தி, தட்டில் கவிழ்த்து நடுவே உடைத்தேன். ஒரு பக்கம் மேலிருந்து அடிவரை கரும்பழுப்பாக ஈரம். மறுபக்கம் மேலே மெல்லிய தோல்போல நனைந்திருக்கிறது, அதற்குக் கீழே முழுவதும் வெளிர் நிறத்தில் காய்ந்த தூள், விரலால் தொட்டால் உதிர்கிறது. இந்த வில்லையின் மேல்தான் இத்தனை நாளாக 9 பாரை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பம்பை நிறுத்தியதும் குரூப்பில் மிஞ்சிய அழுத்தம் மேல்பக்கமாக வெளியேறும். அது வில்லையின் மேற்பரப்பைக் கலைத்துவிடும். ஆகவே மேல்பக்கத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், அடியையும் வெட்டுமுகத்தையும் பாருங்கள். அதோடு, ஈரம் நின்ற இடத்தில் நிற்காமல் காய்ந்த தூளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும். அரை நிமிடம் தாமதித்தால்கூட உண்மையில் இருந்ததைவிட நன்றாக நனைந்தது போலத் தெரியும். நிறுத்திய உடனே உடைக்க வேண்டும்.

அடுத்ததாகப் போர்ட்டாஃபில்டரைக் கழற்றிவிட்டு வெறும் தண்ணீரை ஒரு கோப்பையில் பத்து வினாடி பிடித்து எடை போட்டேன். ஒடுக்கிய நிலையில் 15 கிராம். வினாடிக்கு ஒன்றரை மில்லி. முழுவதும் திறந்தால் வினாடிக்கு 7 மில்லி. இப்போது கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. வில்லையின் மேற்பரப்புக்கும் தண்ணீர் இறங்கும் சல்லடைக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது. அதையும் சுற்றியுள்ள இடுக்குகளையும் நிரப்ப என் மெஷினில் இருபது மில்லிக்குக் குறையாமல் வேண்டும். 18 கிராம் தூள் நனைந்து குடிக்க இன்னொரு இருபது மில்லி. முதல் சொட்டு கீழே வருவதற்கு முன்பே கிட்டத்தட்ட 40 மில்லி உள்ளே போயாக வேண்டும். நான் கொடுத்தது 15. முழு ஓட்டத்தில் ஆறு வினாடிக்குள் முடிகிற வேலை, ஒன்றரை மில்லி ஓட்டத்தில் இருபத்தைந்து வினாடியைத் தாண்டும். அக்கா ஏன் வினாடியை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது.

மெதுவாக விட்டால் மென்மை என்று நினைத்தது

கணக்கு புரிந்த பிறகும் ஒன்று இடித்தது. 15 மில்லிதான் போனது என்றால் வில்லையின் மேல்பகுதி சீராக ஈரமாகி, அடி முழுவதும் காய்ந்திருக்க வேண்டாமா? ஒரு பக்கம் மட்டும் அடிவரை எப்படி நனைந்தது? மறுபடியும் போர்ட்டாஃபில்டரைக் கழற்றி, இந்த முறை கோப்பையைப் பார்க்காமல் குனிந்து சல்லடையைப் பார்த்தேன். முழு ஓட்டத்தில் சல்லடை முழுவதிலிருந்தும் தூறலாகக் கொட்டுகிறது. ஒடுக்கிய ஓட்டத்தில் தண்ணீர் சல்லடையின் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டே நகர்ந்து, இடது ஓரத்தில் ஒரே இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து மட்டும் ஒழுகுகிறது. மெஷின் இடப்பக்கம் இம்மி சாய்ந்திருந்தது. அதற்கு அதுவே போதுமாக இருந்தது.

மெல்ல விட்டால் தூளுக்குப் பதமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். நிஜத்தில் நடந்தது என்னவென்றால், வெற்றிடம் நிரம்பி ஒரு குளம்போல நிற்பதற்கு முன்பே ஒழுகிய தண்ணீர் விழுந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. மேலே குளம் நின்றால்தான் வில்லையின் பரப்பு முழுவதிலும் ஒரே அழுத்தம் இருக்கும், எல்லா இடமும் ஒன்றாகக் குடிக்கத் தொடங்கும். அதனால் பிரீ-இன்ஃப்யூஷனை இரண்டு வேலையாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் நிரப்புவது, அது வேகமாக நடக்க வேண்டும். அடுத்து ஊறவைப்பது, அது குறைந்த அழுத்தத்தில் நடக்க வேண்டும்.

அழுத்தமானி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. வால்வு முழுவதும் திறந்திருக்க, முள் பூஜ்யத்திலேயே நிற்கும் வரை மேலே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். என் மெஷினில் மூன்றாவது வினாடியை ஒட்டி முள் துள்ளும். அந்தக் கணத்தில் வால்வை ஒடுக்கி முள்ளை 2, 3 பாருக்கு நடுவில் பிடித்துவைப்பேன். தூள் குடிக்கக் குடிக்க முள் கீழே இறங்கப் பார்க்கும், கொஞ்சம் திறந்து கொடுக்க வேண்டும். பாஸ்கெட்டின் அடியில் துளித்துளியாக வியர்வைபோல அரும்பும். ஒரு பக்கம் அரும்பியதும் அவசரப்படாமல் அடிப்பரப்பு முழுவதும் துளி காணும் வரை காத்திருந்து, பிறகு இரண்டு மூன்று வினாடியில் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவேன். மெஷினுக்கு அடியில் ஒரு மெல்லிய அட்டையைச் செருகி மட்டம் பார்த்து, இப்படிச் செய்து, துளி அரும்பியதும் நிறுத்தி உடைத்தேன். குறுக்கே எங்கேயும் வெளிர் நிறம் இல்லை.

காய்ந்த தூளின் மேல் திடீரென்று 9 பார் ஏறினால் ஏன் வழி பிளக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த பகுதி அதில்தான் நிற்கிறது. எவ்வளவு கவனமாகப் பரப்பினாலும் வில்லையில் அடர்த்தி ஒரே மாதிரி இருக்காது. நெகிழ்வான இடத்தில் தண்ணீர் கொஞ்சம் வேகமாகப் போகும். வேகம் அங்கிருக்கும் நுண்தூளை அரித்துக்கொண்டு போகும். அரித்த இடத்தில் தடை இன்னும் குறையும், வேகம் இன்னும் கூடும். சேனலிங் என்கிறோமே, அது இப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது. மெதுவாக நனைந்த தூள் உப்பி ஒன்றோடொன்று நெருங்குகிறது, உள்ளிருக்கும் கரியமில வாயுவும் ஓரளவு வெளியேறுகிறது. நெகிழ்வான இடத்துக்கும் இறுகிய இடத்துக்கும் இருந்த வித்தியாசம், முழு அழுத்தம் வருவதற்கு முன்பே கொஞ்சம் சமன்பட்டுவிடுகிறது.

மூன்று கோப்பை

இதோடு கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். புளிப்பு போய்விட்டது. துவர்ப்பு குறைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை. அக்காவிடம் சொன்னபோது, "ஆரம்பத்தைப் பாத்துட்ட. முடிவுல எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பாத்தியா?" என்றார். கோப்பைக்கு அடியிலிருந்த தராசை வீடியோ எடுத்து வினாடிக்கு வினாடி எழுதினேன். முழு அழுத்தம் வந்த புதிதில் வினாடிக்கு ஒன்றேகால் கிராம். கடைசி ஐந்து வினாடியில் மூன்று கிராமைத் தாண்டிவிட்டது. அழுத்தம் என்னவோ 9 பாரிலேயே அசையாமல் நிற்கிறது.

யோசித்தால் இது நடந்தே தீரும். தூளில் இருப்பது கரைந்து வெளியேற வெளியேற வில்லையின் தடை குறைகிறது. தடை குறைய, அதே அழுத்தம் கூடுதல் தண்ணீரைத் தள்ளுகிறது. வேகம் கூடினால், தொடக்கத்தில் நனைத்துப் பொத்திவைத்த நெகிழ்வான இடங்கள் மறுபடி அரிக்கத் தொடங்கும். துவர்ப்பு கடைசியில் ஏறியது அங்கிருந்துதான். தொடக்கத்தில் மெல்ல நனைப்பது, கடைசியில் அழுத்தத்தைத் தளர்த்துவது ஆகிய இரண்டையும் பழைய லீவர் மெஷின்கள் தாமாகவே செய்துவந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் அகீல்லே காஜியாவின் ஸ்பிரிங் லீவர் வந்தது. கைப்பிடியை இறக்கிப் பிடித்திருக்கும்போது பாய்லரின் மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் வந்து தூளை நனைக்கும். கையை விட்டதும் ஸ்பிரிங் முழு விசையோடு அழுத்தும், விரிய விரிய அந்த விசை தளரும். தூளின் தடை குறைகிற அதே நேரத்தில் அழுத்தமும் குறைகிறது. 1961இல் ஃபேமாவின் இ-61 மெஷின் பம்போடு வந்தபோது அழுத்தம் கடைசிவரை மாறாமல் நிற்கத் தொடங்கியது. நனைக்கும் கட்டத்தை மட்டும் குரூப்புக்குள் ஒரு சிறிய அறை வைத்துக் காப்பாற்றினார்கள். தளரும் அழுத்தம் போய்விட்டது.

ஆகவே ஒரே பையிலிருந்து மூன்று ஷாட் போட்டேன். மூன்றிலும் 18 கிராம் தூள், 36 கிராம் எஸ்பிரெஸ்ஸோ. முதலாவது பழையபடி நேராக 9 பார், 28 வினாடி. இரண்டாவதில் நிரப்பி, ஊறவைத்து, அடி முழுவதும் துளி அரும்பியதும் 9 பாருக்கு ஏற்றி அப்படியே விட்டேன். ஊறிய வில்லை சீக்கிரம் வழிவிடும் என்பதால் அரைவையைக் கொஞ்சம் நைசாக்க வேண்டியிருந்தது; மொத்தம் 35 வினாடி. மூன்றாவதும் அதே அரைவை, அதே ஊறல். ஆனால் உச்சத்தில் 8 பாரைத் தொட்டதும் கண்ணைத் தராசில் வைத்து, ஓட்டம் வினாடிக்கு இரண்டு கிராமைத் தாண்டப் பார்க்கும்போதெல்லாம் வால்வை ஒடுக்கிக்கொண்டே வந்தேன். முடியும்போது அழுத்தம் 5 பாருக்கு இறங்கியிருந்தது. நேரம் 38 வினாடி.

முதலாவது 18.8 சதவீதம். இரண்டாவது 20.0. மூன்றாவது 20.2. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவியின் பிழை அளவே விழுங்கிவிடும், அதை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சுவையில் மட்டும் இரண்டும் வேறுவேறு. இரண்டாவது நிறைவாக இருந்தது, ஆனால் கடைசியில் நாக்கை இறுக்கியது. மூன்றாவதை ஆறவிட்டுக் குடித்தபோது முதன்முதலாக அந்தக் கொட்டையில் இனிப்பு என்று சொல்லக்கூடிய ஒன்றை உணர்ந்தேன். சீனி கரைந்த இனிப்பு அல்ல. புளிப்பு கூராகக் குத்தாமல் பழத்தின் புளிப்பாக உருண்டு வந்து, விழுங்கிய பிறகு வெல்லப்பாகின் வாசனை மூக்கில் தங்கியது.

இந்த இனிப்பைப் பற்றி நான் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். பச்சைக் கொட்டையில் இருக்கும் சுக்ரோஸ் வறுக்கும்போது ஏறக்குறைய முழுவதும் சிதைந்து வேறு பொருள்களாகிவிடுகிறது. கோப்பையில் மிஞ்சும் சர்க்கரை நாக்கு உணரும் அளவுக்குக்கூட வருவதில்லை. ஆகவே பிரீ-இன்ஃப்யூஷன் சர்க்கரையைக் கூடுதலாகக் கரைத்துக் கொண்டுவருகிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. காரமல் போன்ற வாசனைகளை மூளை இனிப்போடு சேர்த்துப் படிக்கிறது. கூர்மையான புளிப்போ துவர்ப்போ மேலே ஏறினால் அந்தப் படிப்பு நடக்காது. தூள் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கரைந்தால் இரண்டு கோடியும் குறைந்து நடுப்பகுதி வெளியே தெரிகிறது. இரண்டாவது, மூன்றாவது கோப்பைகளுக்கு எண் ஒன்றாகவும் இனிப்பு வேறாகவும் இருந்ததற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

எங்கே இது உதவாது

கரும்வறுவல் கொட்டையில் இதையெல்லாம் செய்து பார்த்து விட்டுவிட்டேன். வறுவல் ஏற ஏறக் கொட்டை நொய்ந்து, துளைகள் திறந்து, தண்ணீரை உடனே குடிக்கிறது, கரைவதும் சுலபம். அதை ஊறவைத்தால் கருகல் கசப்புதான் கூடியது. அங்கே முள் துள்ளியதும் நேராக ஏற்றிவிடுவேன், ஓட்டம் கடைசியில் பாயாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. அதேபோல டேம்பர் சாய்ந்து அழுத்திய வில்லையை எந்த ஊறலும் நேராக்காது. ஒரு பக்கம் மெலிந்திருந்தால் நனைந்த பிறகும் அது மெலிந்ததுதான். வேகமாக நிரப்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. முழு ஓட்டம் வில்லையின் தலையில் நேராக விழுந்து குழி பறித்துவிடலாம். மேலே ஒரு வட்ட வடிதாளை வைத்த பிறகு எனக்கு அது நின்றது.

போன வாரம் இன்னும் இளம் வறுவலாக ஒரு பை வந்தது. முள் துள்ளிய பிறகு 3 பாரில் பதினைந்து வினாடி பிடித்தும் அடியின் நடுவில் துளி அரும்பவில்லை, ஓரத்தில் மட்டும் வளையமாக வந்தது. நிறுத்தி உடைத்தேன். அடியில் நடுவே ஒரு நாணயம் அளவுக்குக் காய்ந்த தூள். படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். ரொம்ப நைசா அரைச்சிருக்க, தண்ணிக்கு நடுவுல இறங்க வழியில்ல, ஓரமாவே போகுது. ஒரு படி கொரகொரப்பா வச்சுப் பாரு."

வைத்தேன். பதினொன்றாவது வினாடியில் ஓரமும் நடுவும் ஒன்றாக வியர்த்தன. ஓட்டத்தை வினாடிக்கு இரண்டு கிராமில் நிறுத்த, முடிவில் அழுத்தத்தை 6 பாருக்கு மட்டும் இறக்கினால் போதுமானதாக இருந்தது. நடுவில் அந்த நாணயத்தை விட்ட பழைய அரைவையிலும் ஒரு ஷாட்டை முழுதாகப் போட்டு இதோடு வைத்துக் குடித்துப் பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு முன் குடித்த அதே புளிப்பும் அதே வறட்சியும் அதில் அப்படியே இருந்தன.